பதினைந்து லிட்டர் டின்னைக் காட்டிக்கொடுத்த ஸ்கிரீன்ஷாட்

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு, பத்தரை மணி இருக்கும். வாட்ஸாப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுந்தது. அனுப்பியவர் காங்கேயம் பக்கம் செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஓர் அண்ணன். கடை ஒன்று, வெப்சைட் ஒன்று. வெப்சைட்டை அமைத்துக் கொடுத்தது அவருடைய அக்கா மகன். அவ்வப்போது எட்டிப் பார்த்து யோசனை சொல்வது என் வேலை. படத்துக்குக் கீழே ஒரு வரி: "தம்பி, இன்ஸ்டா விளம்பரம் 83 சதவீதம் காட்டுதுங்க. நாளையில இருந்து டபுள் பண்ணிரலாமுங்களா?"

வருகிற நூறு பேரில் 83 பேர் எண்ணெய் வாங்குகிறார்கள் என்றால் அண்ணன் அந்நேரத்துக்கு வாட்ஸாப்பில் இருக்க மாட்டார், பார்சல் கட்டிக்கொண்டிருப்பார். அதனால் 83 என்பது வேறு ஏதோ ஒன்று என்பது தெரிந்தது. படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிடிக்ஸின் `Traffic acquisition` அட்டவணை. வலது ஓரத்தில் `Session key event rate` என்ற பத்தி, அதன் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் `All events`. விஷயம் அந்த இரண்டு சொல்லில்தான் இருந்தது.

அனலிடிக்ஸில் எந்தச் செயலை வேண்டுமானாலும் முக்கியமானது என்று நாமே குறித்து வைக்கலாம். முன்பு இதைக் கன்வெர்ஷன் என்றார்கள், 2024இல் பெயரை `Key events` என்று மாற்றினார்கள். மாப்பிள்ளை, அதாவது அந்த அக்கா மகன், `purchase` என்பதோடு `view_item` என்பதையும் குறித்து வைத்திருந்தார். யாராவது ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்தாலே `view_item` பதிவாகிவிடும். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தட்டினால் நேரே பொருளின் பக்கத்துக்குத்தான் போகும். ஆகவே விளம்பரத்தைத் தட்டிய கிட்டத்தட்ட எல்லோருமே 'முக்கியமான செயலை'ச் செய்தவர்களாகக் கணக்கில் ஏறிவிட்டார்கள். கடை வாசலில் எட்டிப் பார்த்தவரையெல்லாம் வாடிக்கையாளர் என்று எழுதி வைத்த கதை.

இந்த ஒரு தவறை மட்டும் நான் எத்தனை கடைகளில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. யாராவது அனலிடிக்ஸ் படம் அனுப்பினால் இப்போதெல்லாம் எண்களுக்கு முன்னால் அந்தச் சின்ன எழுத்தைத்தான் தேடுகிறேன். அதில் `All events` என்று இருந்தால் அந்தப் பத்தியையும், அதை வைத்துச் சொல்லப்படும் விகிதத்தையும் அப்படியே ஒதுக்கிவிடலாம்.

அண்ணனிடம் வேறு படம் கேட்டேன். `All events` இருக்கும் இடத்தைத் தட்டி `purchase` என்று தேர்ந்தெடுக்கச் சொன்னேன். முதல் பத்தியை `Session source / medium` என்று மாற்றச் சொன்னேன், ஒவ்வொரு வருகையும் எந்த வழியாக வந்தது என்று அது காட்டும். மேலே தேதியும் கீழே வரிசை எண்ணிக்கையும் தெரிகிற மாதிரி முழுதாக எடுக்கச் சொன்னேன். இதில் பாதிதான் நடந்தது. போனில் எடுத்ததால் வலது பக்கம் வெட்டுப்பட்டு விகிதம் இருக்கும் பத்தி காணாமல் போயிருந்தது. மற்றபடி வேண்டியது இருந்தது. எண்களை அண்ணனின் சம்மதத்தோடு கொஞ்சம் மாற்றி, முழுமையாக்கித் தருகிறேன். நான்காம் வரி ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் ஒரு பேமெண்ட் கேட்வேயின் முகவரி, அதன் பெயர் வேண்டாம். கடைசியில் இருந்த சில்லறை வரிகளை விட்டுவிட்டேன்.

```
Session source / medium     Sessions          Key events (purchase)
Total                       8,500             142
instagram / paid            4,200 (49.41%)    25 (17.61%)
google / organic            2,600 (30.59%)    52 (36.62%)
(direct) / (none)           1,500 (17.65%)    30 (21.13%)
******* / referral             40 (0.47%)     33 (23.24%)
youtube.com / referral         25 (0.29%)      2 (1.41%)
```

படத்தோடு மறுபடி ஒரு வரி: "இப்ப 17 சதவீதமா இறங்கிருச்சுங்க. ஆனாலும் பரவாயில்லீங்களே?"

அண்ணன் மேல் தப்பில்லை. அடைப்புக்குறிக்குள் சதவீதம் இருந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். அந்த 17.61 என்பது இன்ஸ்டாவிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதல்ல. நடந்த 142 ஆர்டரில் இன்ஸ்டாவின் பங்கு எவ்வளவு என்பது. மேலிருந்து கீழே அந்தச் சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள், நூறு வரும். கூட்டினால் நூறு வருகிற சதவீதம் பங்கு. விகிதம் அப்படிக் கூடாது. நமக்கு வேண்டியது விகிதம், அது வெட்டுப்பட்டுப் போனதால் நாமே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். 25ஐ 4,200ஆல் வகுத்தால் 0.6 சதவீதம். ஆயிரம் பேர் வந்தால் ஆறு பேர்.

வகுத்துக்கொண்டே வந்தேன். கூகுள் தேடலில் இருந்து வந்தவர்கள் 2 சதவீதம். நேரடியாக வந்தவர்களும் 2 சதவீதம். கேட்வே வரி 82.5 சதவீதம். யூடியூப் 8 சதவீதம்.

கேட்வே வரியைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. எண்ணெய் வாங்க யாரும் பேமெண்ட் கேட்வேயிலிருந்து கிளம்பி வருவதில்லை. காசு கட்ட அங்கே போய்த் திரும்பி வந்தவர்கள் அவர்கள். திரும்பி வரும்போது புது விருந்தாளிபோலக் கணக்கில் ஏறியிருக்கிறார்கள். அதை அப்போதைக்குத் தள்ளி வைத்தேன்.

யூடியூப் வரியில்தான் பலரும் சறுக்குவார்கள். 8 சதவீதம், பட்டியலிலேயே நல்ல விகிதம், உடனே ஒரு யூடியூபரைப் பிடித்து எண்ணெய் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் அது 25 பேரில் இரண்டு பேர். ஒருவர் வாங்காமல் போயிருந்தால் 4 சதவீதம், இன்னொருவர் வாங்கியிருந்தால் 12 சதவீதம். ஒரே ஓர் ஆளின் மனநிலையில் இப்படி ஆடுகிற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. எனக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஆர்டர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி, அந்த அளவுக்கு இரு பக்கமும் ஆட்டம் இருக்கும் என்று வைத்துக்கொள்வேன். 25 ஆர்டர் என்றால் பத்து கூடலாம், பத்து குறையலாம். அதாவது 15 முதல் 35 வரை. இரண்டு ஆர்டர் என்றால் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை எதுவும் நடந்திருக்கலாம். துல்லியமான கணக்கு அல்ல, ஆனால் ராத்திரி பத்தரை மணிக்குப் போதும்.

அப்புறம் நான் ஒரு தப்பு செய்தேன். மீதி மூன்று வரிகளையும் பார்த்துவிட்டு, கூகுள் தேடல் 2, இன்ஸ்டா 0.6, விஷயம் தெளிவு என்று நினைத்தேன். போன் போட்டு, "அண்ணா, டபுள் எல்லாம் வேண்டாம். இன்ஸ்டா விளம்பரத்தை நிறுத்துங்கள். கூகுள்தான் நமக்குச் சோறு போடுகிறது" என்றேன். அண்ணன் அன்றிரவே நிறுத்திவிட்டார். ஒரு நாளைக்கு 600 ரூபாய் போய்க்கொண்டிருந்த விளம்பரம் அது.

மறுநாள் காலையில் அவரே இன்னொரு கேள்வியோடு வந்தார். "அப்படியே எந்தப் பக்கம் சரியில்லைன்னும் சொல்லிருங்க தம்பி. மாப்ள அந்த எண்ணெய்க் குளியல் கட்டுரையைத் தூக்கிறலாங்கறான். படிக்கறாங்களே தவிர ஒருத்தரும் வாங்கறதில்லயாம்." கூடவே `Landing page` அட்டவணையின் படம். ஒருவர் நம் வெப்சைட்டுக்குள் எந்தப் பக்கத்தின் வழியாக நுழைந்தார் என்று சொல்லும் அட்டவணை அது. இந்த முறை முழுதாகவே எடுத்திருந்தார். நடுவில் சில சின்ன வரிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்:

```
Landing page               Sessions   Avg time   purchase
Total                      8,500                 142
/product/kadalai-ennai     3,400      14s         24
/                          1,900      38s         42
/product/nallennai         1,300      41s         34
/blog/ennai-kuliyal        1,100      1m 50s       3
(not set)                    300      0s           0
மற்ற ஐந்து வரிகள்            400                  6
                                          1-10 of 74
```

முதலில் கூட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம். 24, 42, 34, 3, 6 எல்லாம் சேர்ந்தால் 109. மேலே மொத்தம் 142 என்கிறது. 33 ஆர்டரைக் காணோம். வருகையிலோ நூறுதான் குறைகிறது. அதாவது கண்ணுக்குத் தெரியாத 64 வரிகளில், மொத்தமே நூறு வருகையில், 33 ஆர்டர் ஒளிந்திருக்கிறது.

இந்த 33 முந்தின நாள் பார்த்த அதே 33. அண்ணனின் வெப்சைட்டில் கடையை நடத்தும் மென்பொருள் வூகாமர்ஸ். அதில் ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தின் முகவரியில் ஆர்டர் எண்ணும் இருக்கும், `/checkout/order-received/` என்பதற்குப் பின்னால். அதனால் ஒவ்வொரு ஆர்டரும் தனிப்பக்கமாகக் கணக்கிடப்பட்டு, ஒற்றை வருகையோடு அட்டவணையின் அடிமட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. அனலிடிக்ஸ் சாதாரணமாகப் பத்து வரிகளைத்தான் காட்டும். ஸ்கிரீன்ஷாட்டில் மீதி எப்படித் தெரியும்? மொத்தத்தையும் கண்ணுக்குத் தெரிகிற வரிகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால் மட்டும்தான் தெரியும்.

இது ஏன் நடக்கிறது என்று என் போனிலேயே செய்து பார்த்தேன். இன்ஸ்டாகிராமுக்குள் விளம்பரத்தைத் தட்டினால், அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு குட்டிப் பிரவுசரில் கடை திறக்கிறது. பணம் கட்ட யூபிஐ செயலிக்குத் தாவுகிறோம். கட்டி முடித்ததும் சில சமயம் அந்தக் குட்டிப் பிரவுசருக்குத் திரும்பாமல் போனின் வழக்கமான பிரவுசரில் கடை திறக்கிறது. அந்தப் பிரவுசருக்கு நம்மை முன்பின் தெரியாது. நம்மை அடையாளம் காட்டும் குக்கி அதில் கிடையாது. ஆகவே கேட்வேயிலிருந்து வந்த புது ஆள், வந்த நிமிடமே வாங்கிவிட்டார் என்று பதிவாகிறது. உண்மையில் அவரை அழைத்து வந்த இன்ஸ்டாவின் வரியில் வருகை மட்டும் மிச்சம், ஆர்டர் இல்லை.

அனலிடிக்ஸில் `List unwanted referrals` என்று ஓர் இடம் இருக்கிறது. கேட்வேயின் முகவரியை அதில் சேர்த்துவிட்டால் அந்த வரி மறைந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். மறையும், உண்மைதான். ஆனால் இப்படி வேறு பிரவுசரில் திரும்பியவர்களின் ஆர்டர் இன்ஸ்டாவுக்குப் போய்ச் சேராது, `(direct) / (none)` கணக்கில் போய் விழும். கறையைக் கழுவாமல் மேலே பாயை விரிக்கிற மாதிரி. நானும் சேர்த்தேன், அட்டவணை சுத்தமாகத் தெரியட்டும் என்று. ஆனால் அந்த 33 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு வேறு இடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

நல்ல வேளையாக வூகாமர்ஸ் 8.5 பதிப்பிலிருந்து ஆர்டர் பட்டியலிலேயே `Origin` என்று ஒரு பத்தி இருக்கிறது. பணம் கட்டப் போவதற்கு முன்பே ஆர்டர் பதிவாகிவிடுவதால், எங்கிருந்து வந்தவர் என்பதும் முதல் பிரவுசரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். நன்றிப் பக்கத்து முகவரியில் இருந்த ஆர்டர் எண்களை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 14 பேர் இன்ஸ்டா, 11 பேர் கூகுள் தேடல், 5 பேர் நேரடி, 3 பேர் சில்லறை.

ஆக இன்ஸ்டாவுக்கு 25 அல்ல, 39 ஆர்டர். விகிதம் 0.9 சதவீதம். கூகுளுக்கு 63, விகிதம் 2.4. வரிசை மாறவில்லை, கூகுள் தேடல்தான் முதலிடம். நேரடி வருகையும் 2.3 சதவீதம் வருகிறது, ஆனால் அதை ஒரு சோர்ஸ் என்று நான் எடுத்துக்கொள்வதே இல்லை. பழைய வாடிக்கையாளர், வாட்ஸாப்பில் பகிர்ந்த லிங்க், அடையாளம் தொலைந்தவர்கள் என்று எல்லோரையும் கொட்டி வைத்த குடோன் அது. அதில் போய் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?

வரிசை மாறாவிட்டாலும், இன்ஸ்டாவின் ஆர்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என் கண்ணுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. நான் முந்தின இரவு 'நிறுத்துங்கள்' என்றது அந்த அரைகுறை எண்ணை வைத்துத்தான்.

சரி, பக்கங்களுக்கு வருவோம். மாப்பிள்ளை சொன்ன எண்ணெய்க் குளியல் கட்டுரைதான் விகிதத்தில் கடைசி; 1,100 பேருக்கு 3 ஆர்டர், 0.3 சதவீதம். (`(not set)` அதையும்விடக் கீழே, பூஜ்ஜியம், ஆனால் அது பக்கமே அல்ல. பக்கம் திறந்ததற்கான பதிவு இல்லாத வருகைகளை அனலிடிக்ஸ் அங்கே போடுகிறது. பெரும்பாலும் டேபை அப்படியே விட்டுவிட்டு ரொம்ப நேரம் கழித்து வருகிறவர்கள்.) கட்டுரையின் நேரத்தைப் பாருங்கள், 1 நிமிடம் 50 விநாடி. தீபாவளிக்கு எத்தனை மணிக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும், சனிக்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று தேடி வந்தவர்கள் படித்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கம் தன் வேலையைச் செய்கிறது. அதை விற்கவில்லை என்று திட்டுவது, கோயில் வாசலில் செருப்புப் பார்க்கிறவரை ஏன் அர்ச்சனை செய்யவில்லை என்று கேட்பதுபோல.

சொத்தையான பக்கம் எது என்பதற்கு விகிதத்தில் கடைசியாக இருப்பது போதாது. அந்தப் பக்கம் எட்டக்கூடிய விகிதத்தை எட்டியிருந்தால் இன்னும் எத்தனை ஆர்டர் வந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். அதே கடையில் அதே மாதிரி இன்னொரு பக்கம் எவ்வளவு செய்கிறதோ, அதைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்வேன். நல்லெண்ணெய்ப் பக்கம் 2.6 சதவீதம் செய்கிறது. கடலை எண்ணெய்ப் பக்கத்துக்கு 2 என்று வைத்தேன். கட்டுரை இப்போது செய்வதைப் போல இரண்டு மடங்கு செய்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன்.

```
kadalai-ennai:  3400 × 0.02  − 24 = 44
ennai-kuliyal:  1100 × 0.006 −  3 = 3.6
```

ஒரு பக்கம் 44 ஆர்டர், இன்னொரு பக்கம் மூன்றோ நான்கோ. இதற்கு மேல் கட்டுரையைப் பற்றிப் பேசவே இல்லை.

கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்குமோ என்றும் பார்த்தேன், அதே கைக்கணக்கில். 24 ஆர்டருக்குப் பத்து ஆட்டம்: 14 முதல் 34, அதாவது 0.4 முதல் 1 சதவீதம். நல்லெண்ணெய் 34க்குப் பன்னிரண்டு ஆட்டம்: 22 முதல் 46, அதாவது 1.7 முதல் 3.5. இரண்டும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. வித்தியாசம் உண்மைதான்.

ஆனால் யாருடைய குற்றம்? இங்கேதான் இரண்டு தனித்தனி ஸ்கிரீன்ஷாட் கைவிடுகிறது. கடலை எண்ணெய்ப் பக்கத்துக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி இன்ஸ்டா. இன்ஸ்டா கூட்டம் வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம், அதனால் பக்கம் மோசமாகத் தெரிகிறது என்று சொல்லலாம். திருப்பிப் போட்டு, பக்கம் மோசம், அதனால்தான் இன்ஸ்டா மோசமாகத் தெரிகிறது என்றும் சொல்லலாம். சோர்ஸ் அட்டவணையும் பக்க அட்டவணையும் இரண்டுக்குமே தலையாட்டும். முந்தின இரவு நான் முதல் கதையை யோசிக்காமல் நம்பிவிட்டேன்.

மூன்றாவது ஒரு படம் வேண்டும். `Landing page` அட்டவணையில் முதல் பத்தியின் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீலக் கூட்டல் குறி இருக்கும். அதைத் தட்டி `Session source / medium` என்று தேர்ந்தால், ஒவ்வொரு பக்கமும் சோர்ஸ் வாரியாகப் பிரிந்துவிடும். அண்ணன் அதைச் செய்து அனுப்ப மறுநாள் மதியம் ஆனது, செக்கில் ஆள் வரவில்லையாம். வந்ததில் வேண்டியது ஆறே வரிதான்:

```
                     kadalai-ennai      nallennai
instagram / paid     2,900 → 17 (0.6%)   500 →  6 (1.2%)
google / organic       380 →  4 (1.1%)   650 → 21 (3.2%)
(direct) / (none)      120 →  3 (2.5%)   150 →  7 (4.7%)
```

அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் வகுத்துப் போட்ட விகிதம், அனலிடிக்ஸின் பங்கு அல்ல. குறுக்கே படித்துப் பாருங்கள். கூகுளிலிருந்து வந்தவர்கள், அதாவது தேடிக்கொண்டே வந்தவர்கள்கூட, கடலை எண்ணெய்ப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வாங்குகிறார்கள். இன்ஸ்டாவில் பாதி. நேரடியில் கிட்டத்தட்ட பாதி. தனித்தனியாகப் பார்த்தால் 4, 6, 3 என்பதெல்லாம் நம்பக்கூடிய எண்ணே அல்ல. ஆனால் மூன்று வெவ்வேறு கூட்டமும் ஒரே பக்கத்தில் ஒரே திசையில் சறுக்குகிறது. அப்போது கூட்டத்தைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். கீழ்நோக்கியும் படிக்கலாம்: நல்ல பக்கத்திலும் இன்ஸ்டா கூகுளைவிடக் குறைவுதான். அது இன்ஸ்டாவின் இயல்பு, அதைப் பக்கத்தின் தலையில் கட்ட முடியாது. ஆக இரண்டும் உண்மை. சோர்ஸ் கொஞ்சம் சுமார், பக்கம் ரொம்ப மோசம்.

ஸ்கிரீன்ஷாட்டால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். என்ன கோளாறு என்று எந்தப் பத்தியும் சொல்லாது. 14 விநாடியில் கிளம்பிவிடுகிறார்கள் என்பது மட்டும் ஒரு துப்பு. எண்ணெய் பிடிக்காதவர் 14 விநாடியில் போவதில்லை, அதற்கு முதலில் படிக்க வேண்டுமே. கண்ணில் பட்ட உடனே ஏதோ ஒன்று விரட்டுகிறது.

போனை எடுத்து, நிறுத்தி வைத்திருந்த விளம்பரத்தின் முன்னோட்டத்தை இன்ஸ்டாகிராமில் திறந்து தட்டினேன். விளம்பரத்தில் '1 லிட்டர் ₹290' என்று இருந்தது. பக்கம் திறந்தது. மேலே மரச்செக்கின் படம், அழகாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் விலை: ₹4,200.

ஒரு நிமிடம் எனக்கே புரியவில்லை. கீழே கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அளவு தேர்ந்தெடுக்கும் பெட்டி. அதில் '15 லிட்டர் டின்' என்று ஏற்கெனவே தேர்வாகியிருந்தது. அதைத் தட்டி 1 லிட்டர் என்று மாற்றினால் 290 வருகிறது. ஆனால் 290 ரூபாய் என்று நம்பி வந்தவர் 4,200ஐப் பார்த்த பிறகு பெட்டியைத் தேடிக்கொண்டா இருப்பார்?

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவருக்கு உடனே நினைவு வந்துவிட்டது. தீபாவளிக்குப் பலகாரம் சுடுகிறவர்கள் டின் டின்னாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வூகாமர்ஸில் `Default Form Values` என்ற இடத்தில் 15 லிட்டரை வைத்திருக்கிறார். தீபாவளி முடிந்து, பொங்கலும் முடிந்து, மாசி பிறந்துவிட்டது. டின் அப்படியே உட்கார்ந்திருந்தது. நல்லெண்ணெயை யாரும் டின்னில் வாங்குவதில்லை என்பதால் அந்தப் பக்கம் தப்பித்தது. 'நேரடி' கூட்டம் ஏன் ஓரளவு வாங்கியது என்பதும் இப்போது விளங்கியது. பழைய வாடிக்கையாளர்களுக்கு அண்ணனின் விலை தெரியும், பெட்டியைத் தேடி மாற்றிக்கொண்டார்கள்.

மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. விளம்பரத்தை மறுபடி ஓடவிடச் சொன்னேன், இரண்டு நாள் நிறுத்தி வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். "அதனாலென்னங்க, 1,200 ரூபா மிச்சந்தானே" என்றார் அண்ணன்.

அடுத்த 28 நாள் கழித்து அதே அட்டவணையை, அதே `purchase` தேர்வோடு, அதே நீளத் தேதிக்கு எடுத்துப் பார்த்தோம். நடுவில் மாற்றிய நாளை விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தோம், கடைசி இரண்டு நாள் கணக்கு முழுமையாக வந்து சேரும்வரை காத்திருந்தோம். கடலை எண்ணெய்ப் பக்கத்துக்கு 3,150 வருகை, 44 ஆர்டர், 1.4 சதவீதம். முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கு. நான் நினைத்த 2ஐத் தொடவில்லை. கூரியர் செலவு கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது என்பது இன்னொரு தலைவலி, அது இன்னும் தீரவில்லை.

இன்ஸ்டா கணக்கையும் போட்டோம், `Origin` பத்தியை வைத்து. முதல் மாதம் 16,800 ரூபாய்க்கு 39 ஆர்டர், ஓர் ஆர்டருக்கு 430 ரூபாய். இப்போது ஓர் ஆர்டருக்கு 300 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. பெருமையாகச் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஒரு பார்சல்ல கொட்டை, பாட்டில், கூரியர் எல்லாம் போக எனக்கு 250 ரூபாகூட நிக்காதுங்களே தம்பி. அப்ப இன்னும் நட்டந்தானுங்களே?"

நட்டம்தான், ஒரு தடவையோடு முடிந்தால். எண்ணெய் மாதாமாதம் தீர்கிற பொருள், மறுபடி வாங்கினால் கணக்கு மாறும். ஆனால் மறுபடி வருகிறவர் இன்ஸ்டா வழியாக வர மாட்டார். வாட்ஸாப்பில் இருக்கும் பழைய லிங்கைத் தட்டுவார், இல்லையென்றால் கடைப் பெயரையே கூகுளில் அடிப்பார். அட்டவணையில் ஒன்று நேரடி வரியிலும், இன்னொன்று கூகுள் வரியிலும் போய்ச் சேரும். நான் முதலிடம் கொடுத்த கூகுளின் 2.4 சதவீதத்தில் இன்ஸ்டா முதலில் பிடித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று `Session` என்ற சொல்லோடு தொடங்கும் எந்தப் பத்தியும் சொல்லாது. அது கடைசியாகத் தெரிந்த வழியை மட்டும்தான் பார்க்கிறது.

இதை அண்ணனுக்கு விளக்க நான் திணறிக்கொண்டிருந்தபோது, அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பார்சல் அனுப்பிய ஒவ்வொருவரின் போன் நம்பரும் தேதியும் அதில் இருந்தது, அவர் கையெழுத்தில். முதல் மாதத்து இன்ஸ்டா ஆர்டர் 39ன் நம்பர்களையும் நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் பின்னால் வந்த பக்கங்களில் விரலை ஓட்டித் தேடினார். டீ ஆறிப்போனது. மறுபடி வாங்கியவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் 15 லிட்டர் டின்.